இரத்தத்துக்குள் நுழையாத கிருமி

2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கக்குவான் இருமல் பரவியது. அந்த ஓராண்டில் மட்டும் 9,000 பேருக்கு மேல் நோய் பதிவானது. அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் அந்த மாநிலம் அத்தனை பேரைப் பார்த்ததில்லை. நோய் கண்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் வளர்ந்தவர்களும் ஏராளம். வாரக்கணக்கில் இருமித் தவித்தார்கள், பிறகு தேறினார்கள். இறந்தவர்கள் பத்துப் பேர், பத்துப் பேரும் கைக்குழந்தைகள். அவர்களில் ஒன்பது குழந்தைகளுக்கு நோய் தொடங்கியபோது இரண்டு மாதம்கூட நிறையவில்லை. அங்கே முதல் தடுப்பூசி போடுவது வழக்கமாக இரண்டாம் மாதத்தில்தான்.

இந்தக் குழந்தைகளின் நோய்ப் பதிவுகளைப் படித்த மருத்துவர்களை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தை நோயாளியாகவே தெரிவதில்லை. மூக்கு ஒழுகும், எப்போதாவது ஒரு சிறு இருமல் வரும், காய்ச்சல் இருக்காது. பால் குடிக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் சத்தம் இருக்காது. ‘வெறும் சளிதான்’ என்று வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தை, சில நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் கிடக்கும். அப்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மலைக்கவைக்கும்.

இதில் விந்தை என்னவென்றால், அந்த இரத்தத்தில் கிருமியைத் தேடினால் கிடைக்காது. போர்டெடெல்லா பெர்டூசிஸ் என்ற இந்த பாக்டீரியா இரத்தத்துக்குள் போவதில்லை. மூக்கின் பின்பகுதியிலிருந்து நுரையீரலின் சிறு குழல்கள் வரை உள்ள சுவாசப்பாதையின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்வதோடு சரி. அங்கே உட்கார்ந்தபடி அது சுரக்கும் நச்சுகள்தான் பயணம் போகின்றன. கக்குவான் இருமல் ஏன் மாதக்கணக்கில் நீடிக்கிறது, மருந்து கொடுத்தும் ஏன் சட்டென நிற்பதில்லை, பெரியவர்களை வாட்டி மட்டும் விடும் நோய் பச்சைக் குழந்தையை ஏன் கொல்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு பழக்கத்திலிருந்து தொடங்குகிறது.

மயிரில் பிடித்த பிடி

நம் மூச்சுக்குழலின் உட்புறம் வெறும் தோல்போல வழவழப்பாக இருப்பதில்லை. அதை மூடியிருக்கும் செல்களில் பெரும்பாலானவற்றின் தலையில் சிலியா எனப்படும் நுண்மயிர்கள் உண்டு. ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 200 மயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை நூற்றைம்பதாக வகுத்தால் வரும் ஒரு பங்கு நீளம். இவை வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே திசையில் அடிக்கின்றன. இவற்றின் மேல் சளி ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. நாம் மூச்சோடு இழுத்த தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ள, மயிர்களின் அடிப்பில் படலம் மெல்ல மேலேறித் தொண்டைக்கு வந்து, நமக்குத் தெரியாமலே விழுங்கப்பட்டுவிடும். இருமாமலே சுவாசப்பாதை தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

பெரும்பாலான கிருமிகள் இந்தச் சளியோடு சேர்ந்து வெளியேறிவிடும். பெர்டூசிஸ் கிருமி சளியைக் கடந்து நேரே அந்த மயிர்களையே பற்றிக்கொள்கிறது. மின்னணு நுண்ணோக்கிப் படங்களில், மயிர்களின் இடையிடையே குண்டு குண்டாகக் கிருமிகள் சிக்கியிருப்பதைப் பார்க்கலாம். மயிரில்லாத செல்களின் மேல் அவை அவ்வளவாக இருப்பதில்லை.

பிடிப்பதற்கு அதனிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் உண்டு. முதன்மையானது ஃபிலமென்டஸ் ஹீமக்ளூட்டினின். இது கிருமியின் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி போன்ற ஒரு பெரிய புரதம். அதன் ஒரு பகுதி, மயிர்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் பொருந்துகிறது. அதோடு ஃபிம்பிரியா என்ற மெல்லிய இழைகள் உண்டு. பெர்டாக்டின் என்ற வெளிப்புறப் புரதமும் துணை நிற்கிறது. ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். பெர்டாக்டினை உருவாக்கும் திறனை இழந்த கிருமி வகைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவலாகிவிட்டன. பெர்டாக்டின் சேர்த்த தடுப்பூசி அங்கே பயன்பாட்டில் இருப்பதால், அதைத் தூக்கியெறிந்த கிருமிக்கு அது ஆதாயமாகியிருக்கிறது. அது இல்லாமலும் இந்தக் கிருமிகள் ஒட்டுகின்றன, நோயைத் தருகின்றன.

இந்தக் கருவிகளையெல்லாம் கிருமி எப்போதும் தயாராக வைத்திருப்பதில்லை. வெப்பநிலையை உணரும் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு அதனிடம் இருக்கிறது. ஆய்வகத்தில் 25 டிகிரி செல்சியஸில் வளர்த்தால், ஒட்டும் புரதங்களையும் நச்சுகளையும் அது உற்பத்தி செய்வதில்லை. 37 டிகிரிக்கு, அதாவது மனித உடலின் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உற்பத்தி தொடங்கிவிடுகிறது. இயற்கையில் இது மனிதனைத் தவிர வேறெங்கும் வாழ்வதாகத் தெரியவில்லை. விலங்குகளிலோ மண்ணிலோ நீரிலோ இதற்குக் கூடு கிடையாது. அப்படியானால் எந்தக் கைக்குழந்தைக்கு நோய் வந்தாலும், அதன் பக்கத்தில் இருமிய மனிதர் ஒருவர் இருந்திருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் அந்த மனிதர் வீட்டிலேயே இருப்பார். முன்பு அம்மாவே முதன்மையான மூலமாக இருந்தார். அண்மைக்கால அமெரிக்க ஆய்வுகளில் அண்ணன், அக்காமார் முந்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒட்டிய இடத்தில் நடப்பது

ஒட்டிக்கொண்ட கிருமி பெருகத் தொடங்கியதும் முதலில் அடிவாங்குவது அதைத் தாங்கியிருக்கும் செல்தான். இதற்குக் காரணமான டிரக்கியல் சைட்டோடாக்சின், நச்சு என்று சொல்லும் அளவுக்குப் பெரிய மூலக்கூறுகூட அல்ல. பாக்டீரியாவின் சுவரிலிருந்து உதிரும் ஒரு சிறு துணுக்கு அது. எந்த பாக்டீரியாவும் வளரும்போது தன் சுவரைக் கொஞ்சம் உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். நம் குடலில் வாழும் ஈ.கோலை, உடைந்த துணுக்குகளை உள்ளே இழுத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். பெர்டூசிஸ் கிருமியோ அதை வெளியே சிந்திவிடுகிறது.

சிந்திய துணுக்கு என்ன செய்கிறது என்பதை வெள்ளெலிகளின் மூச்சுக்குழல் செல்களில் பார்த்தார்கள். துணுக்கு நேராக மயிருள்ள செல்லைக் கொல்வதாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் சளி சுரக்கும் செல்கள் அதை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவில் மயிருள்ள செல்கள் நலிந்து, மயிர்கள் அசைவதை நிறுத்தி, கடைசியில் செல்லே உரிந்து விழுகிறது. சளி சுரக்கும் செல்கள் மட்டும் தப்பிவிடுகின்றன. ஆகவே சளி உற்பத்தி குறையாமல் நடக்கிறது, அதை மேலே தள்ளும் ஆள் மட்டும் இல்லாமல் போய்விடுகிறது. கெட்டியான சளி குழலில் தேங்குகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு மிஞ்சிய ஒரே வழி இருமல். உரிந்துபோன பரப்பு மறுபடி மயிரோடு முளைக்க வாரங்கள் ஆகும்.

இந்நேரம் உடலின் காவல்படை வந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வருகிறது. ஆனால் வந்த இடத்தில் செயலற்றுப் போகிறது. அடினைலேட் சைக்ளேஸ் நச்சு என்பது கிருமி பக்கத்தில் வந்த செல்களுக்குள் செலுத்தும் ஒரு நொதி. கிருமியை விழுங்க வந்த நியூட்ரோபில் அணுவுக்குள் நுழைந்ததும், அந்த அணுவிலேயே உள்ள கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து இது விழித்துக்கொள்கிறது. பிறகு சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞைப் பொருளை மிதமிஞ்சி உற்பத்தி செய்கிறது. ‘அமைதியாக இரு’ என்ற கட்டளை அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டதுபோல அந்த அணு விழுங்கவும் மாட்டாது, கொல்லவும் மாட்டாது. காய்ச்சல் பெரிதாக இல்லாமல், மூக்கு ஒழுகல் மட்டுமாக முதல் ஒன்றிரண்டு வாரங்கள் கழிவதில் இந்த முடக்கத்துக்குப் பங்கு உண்டு. நோயை அடுத்தவருக்குப் பரப்புவதற்கு மிகத் தோதான காலமும் இதுதான்.

இருமலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு விட இடமில்லாமல் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து இருமல், முகம் சிவந்து, கடைசியில் காற்றை இழுக்கும்போது எழும் அந்தக் கூவல், பிறகு வாந்தி. இவ்வளவும் வெறும் சளித் தேக்கத்தால் வருவதல்ல. சளி குறைந்து, கிருமியும் போன பின் வாரக்கணக்கில் இருமல் தொடர்கிறது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் எலிகளில் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கிருமியின் வெளிச்சுவர்க் கொழுப்பு, வேக்-8 என்ற புரதம், பெர்டூசிஸ் நச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து இருமல் நரம்புகளின் உணர்திறனைக் கூட்டிவிடுவதாக அவர்கள் கண்டார்கள். அந்த மூன்றாவது பெயர்தான் இந்தக் கட்டுரையின் மையம்.

திரும்பிப் போக முடியாத அணுக்கள்

பெர்டூசிஸ் நச்சை, பெர்டூசிஸ் கிருமி தவிர வேறெந்த பாக்டீரியாவும் தயாரிப்பதில்லை. நெருங்கிய உறவான பாராபெர்டூசிஸ் கிருமியிடம் இதற்கான மரபணு உண்டு, ஆனால் அது ஊமையாகக் கிடக்கிறது. பாராபெர்டூசிஸ் தரும் நோய் பொதுவாக லேசானதாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நச்சின் அமைப்பு இரண்டு பகுதிகள் கொண்டது. ஐந்து துண்டுகள் வளையமாக நின்று செல்லின் மேல்பரப்பைப் பற்றும். வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆறாவது துண்டு உள்ளே போகும். அது செல்லுக்குள் தேடிப்போவது ‘ஜிஐ’ என்ற புரதத்தை. செல்லின் வெளியே உள்ள பல உணர்விகள் தங்களுக்கு வந்த செய்தியை இந்தப் புரதத்தின் வழியாகத்தான் உள்ளே சொல்கின்றன. நச்சுத் துண்டு அந்தப் புரதத்தின்மேல் ஒரு வேதிப் பூட்டைப் போட்டுவிடும். பூட்டு விழுந்த புரதம் உணர்வியின் பேச்சைக் கேட்காது. பூட்டைத் திறக்க வழி கிடையாது. செல் புதிதாக அந்தப் புரதத்தை உற்பத்தி செய்துதான் மீள வேண்டும். இதை 1980-களின் தொடக்கத்தில் விளக்கியவர்கள் ஜப்பானின் மிச்சியோ உயியும் தோஷியாகி கதாதாவும். அவர்கள் கக்குவான் இருமலை ஆராயவே இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரப்பைக் கூட்டும் ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு போய் இந்த நச்சில் வந்து நின்றார்கள். இன்றைக்கும் உலகின் ஆய்வகங்களில் ஒரு செல்லின் செய்தி ஜிஐ வழியாகப் போகிறதா என்று சோதிக்க, குப்பியில் அடைத்த பெர்டூசிஸ் நச்சையே பயன்படுத்துகிறார்கள்.

நச்சு மூச்சுக்குழலிலிருந்து இரத்தத்துக்குப் போய், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களைத் தொடும்போதுதான் குழந்தையின் கதை திசை மாறுகிறது. லிம்போசைட்டுகள் இரத்தத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவை அல்ல. இரத்தத்தில் வந்து, நிணநீர்க் கணுக்களுக்குள் இறங்கி, மறுபடி இரத்தத்துக்கு வந்து சுற்றிக்கொண்டே இருப்பவை. எங்கே இறங்க வேண்டும் என்பதை இரத்தக்குழாயின் சுவரில் உள்ள வேதிச் செய்திகள் சொல்கின்றன. அந்தச் செய்திகளைக் கேட்கும் உணர்விகள் எல்லாம் ஜிஐ வழியாகவே வேலை செய்பவை. பூட்டு விழுந்த லிம்போசைட் இரத்தத்திலிருந்து இறங்கத் தெரியாமல் சுற்றுகிறது. அணுக்கள் கணுக்களிலிருந்து இரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன, திரும்பிப் போவது மட்டும் நின்றுவிட்டது. எனவே எண்ணிக்கை ஏறுகிறது.

ஒன்றிரண்டு மாதக் குழந்தையின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு வெள்ளை அணுக்கள் 20,000-ஐத் தாண்டுவது வழக்கமில்லை. கக்குவான் இருமலில் அது 30,000, 50,000 எனப் போகும். மோசமான சிலரிடம் ஒரு லட்சத்தையும் கடந்திருக்கிறது. இரத்தம் கெட்டியாகிறது. கூட்டமாகச் சேர்ந்த அணுக்கள் நுரையீரலின் சிறு தமனிகளில், தேர்த் திருவிழாக் கூட்டம் குறுகிய சந்தில் நெருக்கியடித்து நின்றுவிடுவதுபோல, அடைத்துக்கொள்கின்றன. இதை ஊகமாகச் சொல்லவில்லை. கக்குவான் இருமலால் இறந்த குழந்தைகளின் நுரையீரலைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறு இரத்தக்குழாய்களுக்குள் வெள்ளை அணுக்கள் திரண்டு நிற்பது கண்ணால் பார்க்கப்பட்டது.

தமனி அடைத்தால் இதயத்தின் வலது அறை அதற்கெதிராக அதிக அழுத்தத்தோடு தள்ள வேண்டும். நுரையீரல் இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் தமனிகள் மேலும் சுருங்கும், அழுத்தம் இன்னும் ஏறும். இந்தச் சுழலுக்குள் போன குழந்தையை வென்டிலேட்டரால் மட்டும் மீட்க முடிவதில்லை. காற்று உள்ளே போகிறது, அதை ஏற்றுக்கொள்ள இரத்தம் அந்தப் பக்கம் வரவில்லை. மற்ற நுரையீரல் அழுத்த நோய்களில் குழாய்களை விரிக்கக் கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. குழாய் சுருங்கியதோடு அடைத்தும் கிடக்கிறதே.

ஏன் பச்சைக் குழந்தை

பெரியவர்களுக்கும் இதே கிருமி, இதே நச்சுதான். ஆனால் அவர்களிடம் பழைய தடுப்பூசியோ பழைய தொற்றோ விட்டுச்சென்ற எதிர்ப்பு, அரைகுறையாகவேனும் மிச்சமிருக்கும். கைக்குழந்தையிடம் எதுவும் இல்லை. அதோடு அதன் உடலும் எதிராக நிற்கிறது.

மூச்சுக்குழலின் அளவைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் குழல் நாலைந்து மில்லிமீட்டர் அகலம். காற்றுக்கு ஏற்படும் தடை, குழலின் ஆரம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறும். உள்ளே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் சளி படிந்தால் பெரியவர் ஒருவருக்குத் தடை இரண்டு மடங்குகூட ஆகாது. 4 மில்லிமீட்டர் குழல் உள்ள குழந்தைக்கோ ஆரம் பாதியாகி, தடை பதினாறு மடங்காகிவிடும். மயிருள்ள செல்கள் உரிந்து சளி தேங்கும் நோயில் இந்தக் கணக்கு இரக்கமற்றது.

அடுத்தது மூச்சின் கட்டுப்பாடு. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் மையம் முதல் மாதங்களில் இன்னும் முதிர்ந்திருக்காது. தொண்டையில் எரிச்சல் வந்தால் பெரியவர் இருமுவார். பச்சைக் குழந்தை மூச்சை நிறுத்திவிடலாம். ஆகவே இந்த வயதில் கக்குவான் இருமலின் முதல் அடையாளம் இருமலாக இல்லாமலே போகலாம். குழந்தை திடீரென்று அசைவற்று, உதடு நீலம் பாரித்து, சில வினாடி மூச்சில்லாமல் கிடந்து, பிறகு தானாகத் தெளியும். அந்தக் கூவல் ஒலியும் பெரும்பாலும் கேட்காது. அப்படிக் காற்றை வேகமாக இழுக்க நெஞ்சுத் தசைகளில் பலம் வேண்டும். ‘கூவல் இல்லையே, கக்குவானாக இருக்காது’ என்று ஆறுதலடைவது இந்த வயதில் ஆபத்தான தவறு.

நுரையீரல் தமனிகளும் அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கின்றன. கருப்பையில் நுரையீரலுக்கு அதிக இரத்தம் போகத் தேவையில்லை என்பதால் அந்தத் தமனிகளின் சுவர் தடித்து இறுகியிருக்கும். பிறந்த பின் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்து முடியாத அந்த இடைவெளியில்தான் லிம்போசைட் அடைப்பு வந்து சேருகிறது.

இவை எல்லாம் ஒரு குழந்தையில் எப்படி அடுக்காக வருகின்றன? கலிபோர்னியாவின் நோய்ப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் வரிசையை ஐந்து வாரக் குழந்தை ஒன்றின் மேல் பொருத்திப் பார்க்கலாம். வீட்டில் மூத்த பிள்ளைக்கு இரண்டு வாரமாக இருமல். குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் லேசான இருமல், பால் குடிக்கையில் திணறல். மருத்துவர் பார்க்கிறார், காய்ச்சல் இல்லை. நான்காம், ஐந்தாம் நாளில் இருமும்போது முகம் கறுக்கிறது. இரத்தம் எடுக்கிறார்கள். வெள்ளை அணு 24,000, அதில் பாதிக்கு மேல் லிம்போசைட். சாதாரண பாக்டீரியா நிமோனியாவில் ஏறுவது நியூட்ரோபில். வைரஸ் சளியில் எண்ணிக்கை இந்த உயரத்துக்கு வராது. இருமும் கைக்குழந்தையிடம் 20,000-க்கு மேல் வெள்ளை அணுவும், பாதிக்கு மேல் லிம்போசைட்டும் இருந்தால் கக்குவானாகவே கருத வேண்டும் என்று கலிபோர்னியா பொதுச் சுகாதாரத் துறை தன் மருத்துவர்களுக்கு எழுதியது. இந்த வழிகாட்டலுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸின் குழந்தைநோய் மருத்துவர் ஜேம்ஸ் செர்ரி.

மூக்கின் பின்புறத்திலிருந்து குச்சிப் பஞ்சில் எடுத்த மாதிரியைப் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புகிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்ப்பதானால் அந்தக் குச்சியின் நுனி பருத்திப் பஞ்சாக இருக்கக் கூடாது. பருத்தியில் உள்ள கொழுப்பு அமிலங்களே இந்த நொய்யமான கிருமியைக் கொன்றுவிடும். ஆகவே செயற்கை இழை நுனியை எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் அசித்ரோமைசின் தொடங்குவார்கள். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எரித்ரோமைசினைத் தவிர்ப்பார்கள். அது இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைக்கும் சிக்கலை உண்டாக்கக்கூடியது.

அதற்குப் பின்தான் உண்மையான கண்காணிப்பு. ஒரு தடவை எடுத்த எண்ணிக்கை போதாது. 24,000 என்பது அடுத்த நாளும் 24,000-ஆகவே இருந்தால் குழந்தை பெரும்பாலும் பிழைக்கும். எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டி வேகமாக ஏறினால், இதயத்துடிப்பும் மூச்சு வேகமும் அதோடு கூடினால், நுரையீரல் அழுத்தம் தொடங்கிவிட்டதா என்று எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியதில் ஒன்று இரத்தத்தையே மாற்றுவது. நாலு கிலோ குழந்தையின் உடலில் இருப்பது 320 மில்லிலிட்டர் இரத்தம் மட்டுமே. அதைச் சிறிது சிறிதாக எடுத்து, அதே அளவில் வேறு இரத்தம் செலுத்திக்கொண்டே போனால் வெள்ளை அணுக்கள் குறையும். அதிர்ச்சி நிலை வருமுன் செய்தால் பலன் உண்டு. வந்த பின் செய்ததில் பலன் குறைவு என்பது மருத்துவர்கள் கசப்போடு கற்றுக்கொண்டது.

ஆன்டிபயாடிக் இதில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் மனம் கனக்கும். அது கிருமியைக் கொல்லும், ஐந்து நாள் மருந்துக்குப் பின் குழந்தை நோயைப் பரப்பாது. ஆனால் செல்லுக்குள் போய்ப் பூட்டிவிட்ட நச்சை அதனால் தொட முடியாது. எதிர்ப்பொருளைக் கொடுத்தாலும் அதே நிலைதான். நச்சு இரத்தத்தில் மிதக்கும்போது பிடிக்கலாம், உள்ளே போன பின் முடியாது. ஆகவே இந்த நோயில் எதிர்ப்பொருள் முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும். ஐந்து வாரக் குழந்தைக்கு முன்கூட்டியே என்றால், பிறப்பதற்கு முன் என்றுதான் அர்த்தம்.

அம்மாவின் இரத்தத்தில்

2012-இல் இங்கிலாந்தில் கக்குவான் பரவி 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் தடுப்பூசி போடும் திட்டத்தை அந்த அரசு தொடங்கிவிட்டது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ஐஜிஜி எதிர்ப்பொருட்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குத் தாராளமாகப் போகின்றன. அவை பிறந்த பின் ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்பதால், தொடக்கத்தில் அதிகமாக இருந்தால்தான் முதல் தடுப்பூசி வரை தாக்குப்பிடிக்கும். தாய் சிறுவயதில் போட்ட ஊசியின் மிச்சம் இதற்குப் போதாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் போட வேண்டும். இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2014-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது தந்த பாதுகாப்பு 91 சதவிகிதம்.

இந்த ஊசி கிருமி ஒட்டுவதைத் தடுக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. தனிப் புரதங்களால் ஆன இந்த வகைத் தடுப்பூசி போட்ட பபூன் குரங்குகளில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவன விஞ்ஞானிகள் செய்த சோதனை 2014-இல் அச்சில் வந்தது. குரங்குகளுக்கு நோய் வரவில்லை, ஆனால் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் வாழ்ந்தது. பக்கத்துக் குரங்குக்கும் பரவியது. ஊசி தடுத்தது நச்சின் வேலையைத்தான். குழந்தையின் உயிரைக் காக்க அது போதும். டென்மார்க் 1997 முதல் பல ஆண்டுகள் பயன்படுத்திய கக்குவான் தடுப்பூசியில் செயலிழக்கச் செய்த பெர்டூசிஸ் நச்சு ஒன்றுதான் இருந்தது, ஒட்டும் புரதம் எதுவும் கிடையாது. அதனால் அங்கே பெரிய ஆபத்து நேர்ந்துவிடவில்லை.

நம் பக்கத்து ஏற்பாட்டைப் பார்ப்போம். தமிழ்நாடும் கேரளமும்தான் 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் பென்டாவலன்ட் ஊசியைத் தொடங்கின. கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான அந்த ஊசி 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படுகிறது. அமெரிக்காவை விட நாம் இரண்டு வாரம் முன்னால் நிற்கிறோம், அது நல்லதே. முழுக் கிருமியையும் கொன்று செய்த ஊசி என்பதால் தொடையில் சூடும் வீக்கமும் கொஞ்சம் அதிகம், எதிர்ப்பு நீடிப்பதும் அதிகம். ‘வலியில்லாத ஊசி’ என்று தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்துப் போடுவது மேலே சொன்ன தனிப்புரத வகை.

ஓட்டை இருப்பது முதல் ஆறு வாரத்தில். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குப் போடும் டி.டி. ஊசி ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமானது. அதில் கக்குவான் கிடையாது. கக்குவானும் சேர்ந்த டிடாப் ஊசியைத் தனியாரில் கேட்டு வாங்கிப் போட வேண்டும். 27 முதல் 36 வாரத்துக்குள் போடும்படி மகப்பேறு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். ‘கர்ப்பத்தில் ரண ஜன்னி ஊசி போட்டாயிற்று’ என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் சொல்லப்படுகிறது என்று தெரியவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் யாருக்காவது கக்குவான் உறுதியானால், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பதே வழக்கம். நோயாளிக்கு இருமல் தொடங்கி 21 நாட்களுக்குள் கொடுத்தால்தான் அதில் அர்த்தம். இருமாதவர்களுக்கும், ஊசி போட்டவர்களுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். குழந்தை இருமவே இல்லை, ஆனால் பால் குடிக்கும்போது மூச்சு நின்று உதடு நீலமானது என்றால், அது தானாகத் தெளிந்துவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இருமுபவர் யார், எத்தனை நாளாக என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். வெள்ளை அணு எண்ணிக்கையை அடுத்த நாளும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.